புலிக்குப் பின்னால் வரும் ஒட்டு

கொரிய உணவகத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பணியாளர் வந்து நிற்கிறார். ஒருவர், "ஜொ-நுன் பிபிம்பாப்-இயேயோ" என்கிறார். ஜொ என்றால் பணிவான 'நான்'. இயேயோ என்றால் 'ஆக இருக்கிறது'. மொழி கற்கத் தொடங்கி மூன்று வாரம் ஆனவர், அகராதியைப் பார்த்து வரிசையாக ஆங்கிலத்தில் அடுக்கினால், 'ஐ ஆம் பிபிம்பாப்' என்று வரும். நான்தான் அந்தச் சோறு!

பணியாளர் சிரிக்கமாட்டார். அவருக்கு அந்த வாக்கியத்தில் எந்தக் குறையும் தெரியாது. 'என் விஷயத்துக்கு வந்தால், பிபிம்பாப்' என்றுதான் அது அவர் காதில் விழுகிறது. நாம் 'எனக்கு பிபிம்பாப்' என்போம். ஆங்கிலத்தில் 'ஐ வில் ஹேவ் தி பிபிம்பாப்' என்றால் வேலை முடிந்தது. இடறியது எங்கே என்றால் அந்த 'நுன்' என்ற சிறு ஒட்டில். அதை எழுவாயின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டால், ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் பல இடங்களில் இப்படித்தான் ஆகும். இந்த வாரம் அதையும் அதன் பக்கத்து வீட்டுக்காரரான 'கா'வையும் பார்ப்போம்.

முதலில் உருவம். பெயர்ச்சொல் உயிரொலியில் முடிந்தால் 'நுன்', மெய்யொலியில் முடிந்தால் 'உன்'. இரண்டும் ஒரே ஒட்டுதான். அதேபோல் உயிருக்குப் பின் 'கா', மெய்க்குப் பின் 'இ'. இவையும் ஒன்றே. 'நுன்' என்பதில் உள்ள உகரம் உதடு குவியாத உகரம். நாம் 'பத்து', 'காடு' என்று சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் அந்த ஒலிக்குப் படும் பாடு நமக்கு இல்லை. ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரிவதற்காக இங்கே இடையில் ஒரு கோடு போட்டு எழுதுகிறேன். கொரிய எழுத்தில் அந்தக் கோடு இருக்காது.

பாடப்புத்தகங்கள் 'நுன்' என்பது பேசுபொருளைக் காட்டும், 'கா' என்பது எழுவாயைக் காட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகின்றன. ஆங்கிலத்தில் யோசிப்பவருக்கு இது விளங்குவது கடினம். ஆங்கிலத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. தமிழ் இலக்கணம் பள்ளியில் படித்தவருக்கோ ஒரு குறுக்குவழி இருக்கிறது. வேற்றுமை உருபு என்பது வேறு, 'உம்', 'ஓ', 'தான்' போன்ற இடைச்சொற்கள் வேறு என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கொரிய இலக்கணமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. 'கா' அவர்களிடம் கியொக்ஜோசா, அதாவது வேற்றுமை உருபு. 'நுன்' போஜோசா, அதாவது பொருளுக்கு ஒரு சாயல் சேர்க்கும் துணை ஒட்டு. 'உம்' என்று பொருள்படும் 'தோ', 'மட்டும்' என்று பொருள்படும் 'மான்' இவற்றோடு ஒரே வரிசையில் நிற்பது அது.

நம் எழுவாய் வேற்றுமைக்கு உருபு கிடையாது. கொரியத்தில் உண்டு, அதுதான் 'கா'. 'நுன்' எழுவாயின் உருபே அல்ல. அதனால்தான் அது எழுவாய்க்குப் பின் மட்டும் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடத்தைக் காட்டும் சொல்லுக்குப் பின்னும் வரும், காலத்துக்குப் பின்னும் வரும், செயப்படுபொருளுக்குப் பின்னும் வரும். நாம் 'வீட்டிலோ', 'நேற்றோ', 'அவனையோ' என்று எங்கும் ஓகாரத்தைச் சேர்ப்பது போல.

(இப்படி ஒற்றுமை சொன்னதும், கொரியமும் தமிழும் அக்கா தங்கை என்று ஒரு பேச்சு கிளம்பும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே வெளியிட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. வினை கடைசியில் வருவது, ஒட்டுகள் பெயருக்குப் பின் வருவது போன்ற அமைப்பு ஒற்றுமை உண்மை. படிப்பதற்கு அது போதும்.)

செயப்படுபொருளில் 'நுன்' வரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். "இ கேய்க்கு-நுன் ஜே-கா மாந்துரொஸ்ஸொயோ." முதல் சொல்லான 'இ' இங்கே ஒட்டு அல்ல. நம் சுட்டெழுத்துப் போலவே 'இந்த' என்று பொருள். கேக்குக்குப் பின் நுன், 'நான்' என்பதற்குப் பின் கா. (ஜொ என்பது கா சேரும்போது ஜே என்று மாறும்.) கடைசிச் சொல் 'செய்தது'. முதலில் வந்ததை எழுவாயாக எடுத்தால் கேக் எதையோ செய்ததாக வரும். செய்தவர் யார் என்பதற்கு 'கா' எங்கே என்று பார்க்க வேண்டும். 'இந்தக் கேக் இருக்கிறதே, இதை நான்தான் செய்தேன்.' ஆங்கிலத்தில் 'ஐ மேட் திஸ் கேக்' என்று, 'ஐ' மீது அழுத்தம் கொடுத்துச் சொல்வது பொருந்தும். ஓவியம் ஒன்றைக் காட்டி 'இதை இன்னார் வரைந்தார்' என்று கொரியத்தில் இதே அமைப்பில் வந்தால், ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினைக்குப் போவது பல நேரம் நன்றாக இருக்கும். கொரிய வாக்கியத்தில் செயப்பாட்டு வினை இல்லை. ஆனால் பேசுபொருளை முன்னால் நிறுத்த ஆங்கிலத்திடம் உள்ள வசதி அதுதான்.

மேலே என்னை அறியாமலே 'நான்தான்' என்று எழுதினேன். அது சும்மா வரவில்லை. 'கா' பல இடங்களில் நம் 'தான்' செய்யும் வேலையைச் செய்கிறது. "நூ-கா வாஸ்ஸொயோ?" என்றால் 'யார் வந்தது?' பதில், "மின்சு-கா வாஸ்ஸொயோ." வந்தது மின்சுதான். 'யார்' என்று கேட்ட கேள்விக்கு விடையாக வரும் பெயரில் 'கா'தான் நிற்கும். கேள்வியிலேயே 'கா' இருப்பதைக் கவனியுங்கள். யார் என்று தெரியாத ஒருவரைப் பேசுபொருளாக வைக்க முடியாதல்லவா?

இப்போது ஒட்டை மட்டும் மாற்றுங்கள். "மின்சு-நுன் வாஸ்ஸொயோ." அகராதி அளவில் ஒரு மாற்றமும் இல்லை, மின்சு வந்தார். ஆனால் கேட்பவர் மனதில், 'அப்படியானால் மற்றவர்கள்?' என்ற கேள்வி எழும். 'மின்சு வந்துவிட்டார், மற்றவர் கதை எனக்குத் தெரியாது' அல்லது 'மற்றவர் வரவில்லை' என்ற நிழல் அதில் உண்டு. இதை ஆங்கிலத்தில் வெறும் 'மின்சு கேம்' என்று போட்டால் பாதி செய்தி போய்விடும். 'வெல், மின்சு கேம்' என்றோ, 'மின்சு டிட் கம்' என்றோ, 'அட் லீஸ்ட்' சேர்த்தோ எழுதினால்தான் அந்த நிழல் நிற்கும்.

இந்த ஒப்பீட்டு நிழல் வீட்டில் சண்டையையும் மூட்டும். மனைவியைப் பார்த்து "ஓனுர்-உன் யெப்புனேயோ" என்றால் 'இன்று அழகாக இருக்கிறாய்'. 'இன்று' என்பதில் 'உன்' ஒட்டியிருப்பதால், 'மற்ற நாள்களில்?' என்று திருப்பிக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆங்கில வசன வரியில் 'யூ லுக் பிரிட்டி டுடே' என்று மட்டும் ஓடினால், அடுத்த நொடி அந்தப் பெண் ஏன் முறைக்கிறாள் என்று பார்ப்பவருக்குப் புரியாது.

ஆங்கிலத்தில் 'எ', 'தி' என்ற இரண்டும் கொரியத்தில் இல்லை, தமிழிலும் இல்லை. ஆனால் அவை செய்யும் வேலையின் ஒரு பகுதியை இந்த ஒட்டுகள் பார்த்துக்கொள்கின்றன. பாட்டி கதை தொடங்குவது போல ஒரு வரி. "யென்னாரே ஹோராஙி-கா சாராஸ்ஸொயோ." முன்னொரு காலத்தில் புலி வாழ்ந்தது. (ஙகரத்துக்கு நம் பக்கத்தில் கிடைத்த அரிய வேலை!) அடுத்த வரி, "ஹோராஙி-நுன் பே-கா கோப்பாஸ்ஸொயோ." புலிக்குப் பசி.

முதல் வரியில் புலிக்குப் பின் 'கா'. நமக்கு இதுவரை தெரியாத புலி இப்போதுதான் மேடைக்கு வருகிறது. ஆகவே 'எ டைகர்'. நாம் 'ஒரு புலி' என்போம். இரண்டாவது வரியில் புலியை நமக்குத் தெரியும். இனி அதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று 'நுன்' அறிவிக்கிறது. ஆகவே 'தி டைகர்', நம் 'அந்தப் புலி'. இரண்டு வரியிலும் 'தி டைகர்' என்றே போட்டால் ஆங்கில வாசகர், எந்தப் புலி, முந்தைய பக்கம் ஏதும் விட்டுப்போயிற்றா என்று திருப்பிப் பார்ப்பார்.

ஆனால் 'நுன்' என்றால் 'தி' என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். 'புலி-நுன் பயங்கரமானது' என்று பொதுப்படையாகச் சொன்னால் அது உலகத்துப் புலிகள் எல்லாவற்றையும் பற்றிய பேச்சு. ஆங்கிலத்தில் 'டைகர்ஸ் ஆர் ஸ்கேரி' என்று பன்மையில், 'தி' இல்லாமல் வரும். முன் வரியில் ஒரு குறிப்பிட்ட புலி வந்திருக்கிறதா இல்லையா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது வரியில் இன்னொன்றும் இருக்கிறது. புலிக்கு 'நுன்', 'பே' என்பதற்கு 'கா'. பே என்றால் வயிறு. 'புலியைப் பொறுத்தவரை வயிறு பசித்தது' என்பது அதன் கட்டு. எழுவாய் இரண்டு இருப்பது போலத் தோன்றும் இந்த வகை வாக்கியம் கொரியத்தில் ஏராளம். பாடப்புத்தகங்களின் செல்லப்பிள்ளை, "கோக்கிரி-நுன் கோ-கா கில்தா." யானை, மூக்கு, நீளம். தமிழர் இதில் ஒரு நொடிகூடத் தயங்கத் தேவையில்லை. 'யானைக்கு மூக்கு நீளம்', 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் நாம் தினமும் சொல்வதன் உறவுக்காரர்தான் இது. நாம் 'கு' போடும் இடத்தில் அவர்கள் 'நுன்' போடுகிறார்கள். ஆங்கிலத்துக்குப் போகும்போது பேசுபொருளை எழுவாயாக்கி, 'எலிஃபண்ட்ஸ் ஹேவ் லாங் டிரங்க்ஸ்', 'தி டைகர் வாஸ் ஹங்ரி' என்று மாற்றிக்கொள்ளலாம். வயிறு ஆங்கிலத்தில் காணாமல் போவதில் தவறில்லை.

இனிதான் முக்கியமான இடம். நம் வினைமுற்று தன் வாலில் ஆளைச் சொல்லிவிடும். 'செய்தேன்' என்றால் நான், 'செய்தார்' என்றால் அவர். எழுவாயை விட்டுவிட்டாலும் குழப்பம் இல்லை. கொரியரும் எழுவாயைத் தாராளமாக விடுவார்கள், ஆனால் அவர்கள் வினையில் இந்த வால் இல்லை. 'ஹெஸ்ஸொயோ' என்றால் செய்தேன், செய்தாய், செய்தார், செய்தார்கள் எதுவாகவும் இருக்கலாம். மலையாளம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது. அப்படியானால் ஒரு நீள வாக்கியத்தில் யார் எதைச் செய்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் 'நுன்', 'கா' இரண்டின் கை நீளம் வேறுபடுகிறது.

"மின்சு-கா ஜிபே வாஸ்ஸுல் த்தே ஜொன்ஹ்வா ஹெஸ்ஸொயோ." மின்சு, வீட்டுக்கு, வந்தபோது, போன் செய்தது. 'கா' பக்கத்தில் உள்ள வினையைப் பிடித்துக்கொண்டு அதோடு நின்றுவிடும். வந்தவர் மின்சு. போன் செய்தவர் பெரும்பாலும் வேறொருவர், வேறு குறிப்பு இல்லையென்றால் பேசுபவர். 'வென் மின்சு கேம் ஹோம், ஐ கால்ட்.' இப்போது "மின்சு-நுன் ஜிபே வாஸ்ஸுல் த்தே ஜொன்ஹ்வா ஹெஸ்ஸொயோ." 'நுன்' பக்கத்து வினையில் நிற்காமல், வாக்கியத்தின் கடைசி வினைவரை கை நீட்டும். போன் செய்தவர் மின்சுவே. 'மின்சு கால்ட் வென் ஹி காட் ஹோம்.' ஒரே ஒரு ஒட்டு மாறியதில் போன் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

இது அலுவலகத்தில் எப்படி விளையாடும் என்று பாருங்கள். சோல் கிளையிலிருந்து சிங்கப்பூர் அலுவலகத்துக்கு ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "பூஜாங்னிம்-இ நுஜுஷிம்யொன் மொன்ஜொ ஷிஜாக்காகெஸ்ஸும்னிதா." பூஜாங்னிம் என்பவர் துறைத் தலைவர். நுஜுஷிம்யொன், தாமதமானால். மொன்ஜொ, முன்னதாக. கடைசிச் சொல், தொடங்குவது. ஆங்கிலத்தில் பழகிய கண் முதல் பெயரைப் பிடித்து, 'துறைத் தலைவர் தாமதமானாலும் அவரே முதலில் தொடங்குவார்' என்று எழுதிவிடும். இங்கே எல்லாரும் அவருக்காகக் காத்திருப்பார்கள்.

நிதானமாகப் படிப்போம். பூஜாங்னிம் பின்னால் இருப்பது 'இ', அதாவது 'கா'வின் இன்னொரு முகம். எனவே அவர் 'தாமதமானால்' என்ற வினையோடு நிற்கிறார். தொடங்குவது யார் என்று வாக்கியம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 'நுஜுஷிம்யொன்' என்பதன் நடுவே உள்ள 'ஷி' மரியாதைக் குறி, நம் 'ஆர்' விகுதி போல. துறைத் தலைவரின் செயலுக்கு அது வேண்டும். கடைசி வினையான 'ஷிஜாக்காகெஸ்ஸும்னிதா'வில் அந்தக் குறி இல்லை. (தொடக்கத்தில் உள்ள ஷி, 'தொடக்கம்' என்ற சொல்லின் பகுதி, மரியாதைக் குறி அல்ல.) மேலதிகாரியின் செயலை மரியாதைக் குறி இல்லாமல் எழுதும் பழக்கம் அங்கே இல்லை. கூடவே 'கெ' என்ற பகுதி பேசுபவரின் எண்ணத்தைக் காட்டுகிறது. ஆகவே, 'துறைத் தலைவர் தாமதமானால் நாங்கள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறோம்.' ஆங்கிலத்தில் 'இஃப் தி டைரக்டர் இஸ் லேட், வீ வில் ஸ்டார்ட் விதவுட் ஹிம்.' பூஜாங்னிம் ஆணா பெண்ணா என்பதைக் கொரிய வரி சொல்வதில்லை. தெரியாவிட்டால் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு 'ஸ்டார்ட் ஃபர்ஸ்ட்' என்று முடித்துக்கொள்ளுங்கள்.

அதே அலுவலகத்திலிருந்து இன்னொரு வரி: "பூஜாங்னிம்-உன் நுஜுஷிம்யொன் மொன்ஜொ ஷிஜாக்காராகோ ஹாஷ்யொஸ்ஸும்னிதா." இப்போது 'உன்'. அவர் கை கடைசி வினைவரை போக வேண்டும். கடைசி வினை 'ஹாஷ்யொஸ்ஸும்னிதா', 'என்றார்'. அதில் 'ஷ்யொ' என்று மரியாதைக் குறி இருக்கிறது, கணக்குச் சரி. 'தாமதமானால் முன்னதாகத் தொடங்கிவிடுங்கள் என்று துறைத் தலைவர் சொன்னார்.' முதல் வரி எழுதியவரின் சொந்த முடிவு. இரண்டாவது மேலிடத்தின் உத்தரவு. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு தொலைந்தால், பிறகு யார் முடிவெடுத்தது என்ற விசாரணையில் தவறான ஆள் மாட்டிக்கொள்வார்.

ஆகவே நீள வாக்கியத்தைக் கையில் எடுத்தால், முதல் சொல்லிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். கடைசி வினைக்குப் போய் அது என்ன செயல், மரியாதைக் குறி உண்டா என்று பாருங்கள். பிறகு 'நுன்' அல்லது 'உன்' ஒட்டிய சொல்லைத் தேடி அதோடு இணைத்துப் பாருங்கள். மிச்சமுள்ள 'கா', 'இ' ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்து வினையோடு சேருங்கள். ஆங்கிலச் சொல்லைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

கை நீளக் கணக்குக்கு விலக்கு உண்டு. 'மழை வருகிறது, ஆனால் பனி இல்லை' என்பது போல இரண்டு பாதிகளை எதிரெதிரே நிறுத்தும் வாக்கியத்தில் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு 'நுன்' வரும். அப்போது முதல் 'நுன்' தன் பாதியோடு நின்றுவிடும். இரண்டு 'நுன்' கண்ணில் பட்டாலே எதையோ எதனோடோ ஒப்பிடுகிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பேச்சில் இந்த ஒட்டுகளை அடிக்கடி விழுங்கியும் விடுவார்கள். நாடக வசனத்தில் காதுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால், அது உங்கள் காதின் குறை அல்ல.

எதிர்மறை வாக்கியத்தில் ஒரு சின்னக் கண்ணி. 'தா' என்றால் 'எல்லாம்'. "தா மோத் ப்வாஸ்ஸொயோ" என்று அனுப்பப்பட்ட கோப்புகளைப் பற்றி ஒருவர் சொன்னால், ஒன்றையும் பார்க்கவில்லை என்றும் கொள்ளலாம், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கவில்லை என்றும் கொள்ளலாம். "தா-நுன் மோத் ப்வாஸ்ஸொயோ" என்றால் சந்தேகம் இல்லை. சிலவற்றைப் பார்த்தாயிற்று, எல்லாவற்றையும் அல்ல. 'நாட் ஆல்'. நுன் இருக்கும் வரியை 'ஐ ஹேவ் நாட் சீன் எனி' என்று எழுதினால், பாதி இரவு விழித்துப் படித்தவரைச் சோம்பேறி ஆக்கிவிடுவீர்கள்.

கடைசியாக, நுன் போலவே இருந்து நுன் அல்லாத ஒன்று. கொரிய வினை எச்சமாகி ஒரு பெயரைத் தழுவும்போதும் 'நுன்' என்று முடியும். நம் 'ஓடும் பையன்', 'வரும் பேருந்து' போல. எழுத்திலும் ஒலியிலும் ஒரே மாதிரி. "ஹானுருல் நா-நுன் சே." ஹானுல் வானம், சே பறவை. 'நா' என்பது தோழமையில் சொல்லும் 'நான்' என்பதால், 'நா-நுன்' என்றதும் 'என்னைப் பொறுத்தவரை' என்று கை ஓடும். ஆனால் அந்த இடத்தில் நிற்பது 'பறப்பது' என்ற வினை. வானில் பறக்கும் பறவை, அவ்வளவுதான். கண்டுபிடிப்பது எளிது. நுன்னுக்கு முன்னால் இருப்பது பெயரா வினையா என்று பாருங்கள், அதற்குப் பின்னால் ஒரு பெயர் உடனே வந்து ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். இங்கே முன்னால் வானம் செயப்படுபொருள் உருபோடு நிற்கிறது, பின்னால் பறவை காத்திருக்கிறது. நடுவில் 'நான்' உட்கார இடமே இல்லை.